விருதின் பெயரை விடுங்கள், எந்தப் பிரிவில் கொடுத்தார்கள் என்று பாருங்கள்

கேள்வி: விருது வாங்கிய படம் என்று நம்பி உட்கார்ந்தால் பாதியில் கொட்டாவி வருகிறது. ‘கூழாங்கல்’ படத்தை இருபது நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். ஒரு படம் எனக்குச் சரிப்படுமா என்று முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது?

கிருஷ்ணகிரியில் எங்கள் அண்ணன் ஒருவருக்கு மாங்காய் மண்டி இருக்கிறது. சீசனில் அங்கே கால் வைக்க இடம் இருக்காது. சீசன் முடிந்ததும் கிரேட்டுகளை ஓரமாக அடுக்கிவிட்டு, சுண்ணாம்பு அடித்த சுவரில் ஒரு பழைய புரொஜெக்டரில் படம் போடுவோம். ஐந்தாறு பேர் சேருவோம். ‘கூழாங்கல்’ ஓடியபோது நீங்கள் நிறுத்திய அதே இருபதாவது நிமிடத்தில் இரண்டு பேர் டீ குடிக்க எழுந்து போனார்கள். திரும்பி வரவே இல்லை. ஆனால் பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்திருந்த எங்கள் பெரியப்பா கடைசிவரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் கதையை அப்புறம் சொல்கிறேன்.

ஒரு படத்தின் போஸ்டரில் இலைவளையத்துக்கு நடுவே எழுதியிருக்கும் விருதுகள் எல்லாம் ஒரே மாதிரியானவை என்று நினைப்பதில்தான் ஏமாற்றம் ஆரம்பிக்கிறது. ‘கூழாங்கல்’ 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. அந்தப் போட்டி புதிதாக வரும் இயக்குநர்களுக்கானது. பி.எஸ். வினோத்ராஜுக்கு அது முதல் படம். அங்கே உட்கார்ந்திருக்கும் நடுவர்கள் தேடுவது சுவாரசியமான கதையை அல்ல, இதுவரை பார்க்காத ஒரு கண்ணை. பிறகு அந்தப் படம் இந்தியாவின் சார்பில் ஆஸ்கருக்குப் போனது. தயாரிப்பு நயன்தாரா, விக்னேஷ் சிவன். நம் ஊரில் படத்தின் பெயர் பரவியது இந்த இரண்டாவது செய்தியால்தான். அதனால் பலரும் ராட்டர்டாம் படத்தை ஆஸ்கர் படம் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நீங்களும் அப்படித்தான் இருந்திருப்பீர்கள்.

விழா நடுவர்களின் நிலைமையையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கான் விழாவில் ஏறக்குறைய இருபது போட்டிப் படங்களைப் பன்னிரண்டு நாட்களுக்குள் ஒன்பது பேர் பார்த்து, ஓர் அறைக்குள் பேசி முடிவு எடுக்கிறார்கள். பத்தாவது படம் வரும்போது, நன்றாக எடுக்கப்பட்ட வழக்கமான கதை அவர்கள் கண்ணில் ஒட்டாது. கல்யாண சீசனில் தினம் ஒரு பந்தியில் சாப்பிட்டவனுக்கு ஏழாவது நாள் ரசம் சோறுதான் ருசிக்கும். நாமோ வாரம் பூராவும் ஷிஃப்டு முடித்துவிட்டு ஒரே ஒரு படம் பார்க்க உட்காருகிறோம். அவர்களுக்குப் புதிதாகத் தெரிந்த அதே விஷயம் நமக்குச் சப்பென்று தெரிவதில் ஆச்சரியம் இல்லை.

ஆஸ்கரின் சிறந்த படம் வேறு கணக்கு. ஏறக்குறைய பத்தாயிரம் பேர் ஓட்டுப் போடும் உரிமை உள்ளவர்கள். சிறந்த படத்துக்கு மட்டும் அவர்கள் ஒரு படத்துக்கு டிக் அடிப்பதில்லை, எல்லாப் படங்களையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்துகிறார்கள். எதற்கும் பாதி ஓட்டு வரவில்லை என்றால் கடைசியில் இருக்கும் படத்தைத் தூக்கிவிட்டு, அதற்கு விழுந்த சீட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுகிறார்கள். ஆகவே சிலருக்கு உயிராகவும் பலருக்கு எரிச்சலாகவும் இருக்கும் படம் அங்கே ஜெயிப்பது கஷ்டம். பெரும்பாலானவர்களுக்கு இரண்டாவது, மூன்றாவது இடத்திலாவது பிடித்த படம் மேலே வரும். உங்களைப் போன்றவருக்கு ஆஸ்கர் சிறந்த படம், விழாப் பரிசைவிடக் கொஞ்சம் பாதுகாப்பான பந்தயம் என்று நான் சொல்வது இதனால்தான்.

இதையும்விட எனக்கு அதிகம் உதவியது ஒரு சின்னப் பழக்கம். படம் எத்தனை விருது வாங்கியது என்று பார்க்க மாட்டேன், எந்தப் பிரிவுகளில் வாங்கியது என்று பார்ப்பேன். ‘பாரசைட்’ வாங்கிய நான்கு ஆஸ்கர்: சிறந்த படம், இயக்கம், அசல் திரைக்கதை, சர்வதேசப் படம். ‘ரோமா’ வாங்கிய மூன்று: இயக்கம், ஒளிப்பதிவு, அயல்மொழிப் படம். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும். முதலாவதில் திரைக்கதை இருக்கிறது, அதாவது அடுத்து என்ன ஆகும் என்று இழுத்துக்கொண்டு போகும் படம். இரண்டாவதில் ஒளிப்பதிவு இருக்கிறது, திரைக்கதை இல்லை. அது கண்ணால் மேய வேண்டிய படம். எங்கள் மண்டியிலும் அப்படியேதான் நடந்தது. ‘பாரசைட்’ ஓடும்போது சிறுநீர் கழிக்கக்கூட யாரும் எழவில்லை. ‘ரோமா’ ஓடிய அன்று ஒருவர் கிரேட்டில் தலை சாய்த்துக் குறட்டை விட்டார்.

இது நூற்றுக்கு நூறு வேலை செய்யாது. ‘லாஸ்ட் இன் டிரான்ஸ்லேஷன்’ அசல் திரைக்கதைக்கு ஆஸ்கர் வாங்கியது. அதில் நடப்பதைவிட நடக்காமல் போவதுதான் அதிகம். ஆனாலும் பத்தில் ஏழெட்டு முறை இந்தக் கணக்கு என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

தேசிய விருதுக்கும் இதே பார்வையை வைக்கலாம். அதில் ஜனரஞ்சகமான பொழுதுபோக்குப் படத்துக்கு என்றே தனிப் பிரிவு இருக்கிறது. ‘ஆட்டோகிராஃப்’ வாங்கியது அதைத்தான். ‘சூரரைப் போற்று’ சிறந்த படமாகத் தேர்வானபோது திரைக்கதை, பின்னணி இசை, நடிகர், நடிகை எல்லாவற்றுக்கும் சேர்த்து வாங்கியது. அதை யாரும் மெதுவான படம் என்று சொல்ல மாட்டார்கள்.

‘விசாரணை’ இன்னொரு வகை. சிறந்த தமிழ்ப் படம், துணை நடிகர், படத்தொகுப்பு மூன்றுக்கும் தேசிய விருது. படத்தொகுப்புக்கு விருது என்றாலே இழுவையாக இருக்காது என்று நம்பி வீட்டில் போட்டேன். இழுவையாக இல்லைதான். ஆனால் குண்டூர் போலீஸ் ஸ்டேஷனில் அடி விழ ஆரம்பித்ததும் என் மனைவி ரிமோட்டைப் பிடுங்கி நிறுத்திவிட்டாள். “ராத்திரி தூங்க வேணாமா?” என்றாள். வேகத்தைப் பற்றி மட்டும் விசாரித்து, கனத்தைப் பற்றி விசாரிக்காதது என் தப்பு. அதிலிருந்து ஒரு படத்தைப் பிடிக்கவில்லை என்று சொன்னவர்களின் விமர்சனங்களை மூன்று நான்காவது படித்துவிடுகிறேன். பாராட்டுகிறவர்கள் எல்லாப் படத்துக்கும் ஒரே வார்த்தைகளைத்தான் போடுகிறார்கள். குறை சொல்கிறவர்கள்தான் விவரமாகச் சொல்கிறார்கள். ‘முடிவே இல்லை’, ‘ரத்தம் அதிகம்’, ‘நடந்துகொண்டே இருக்கிறார்கள்’. இதில் எந்தக் குறை எனக்கு உறைக்காதோ அந்தப் படத்தைத் தைரியமாகப் போடுவேன்.

இவ்வளவு பார்த்தும் சந்தேகம் இருந்தால் முதல் பத்து நிமிடம். டிரெய்லரை நம்பாதீர்கள். மெதுவான படத்துக்கும் வேகமாகத்தான் டிரெய்லர் வெட்டுவார்கள். ‘ரோமா’வின் முதல் காட்சி தரையில் பதித்த கல். டைட்டில் ஓட ஓட சோப்புத் தண்ணீர் அலையடித்து வருகிறது, அந்தத் தண்ணீரில் வானம் தெரிகிறது, அதில் ஒரு விமானம் ஊர்ந்து போகிறது. யாரோ வீடு கழுவுகிறார்கள், அவ்வளவுதான். இந்தப் படம் இப்படித்தான் இருக்கும் என்று இயக்குநர் வாசலிலேயே சொல்லிவிடுகிறார். தண்ணீர் என்று புரிந்த பிறகும் காட்சி மாறாமல் நிற்கிறது பாருங்கள், அந்த நேரத்தில் உங்கள் மனம் என்ன செய்கிறது என்பதுதான் பரீட்சை. “சரி, அடுத்தது?” என்று கேட்டால் அன்றைக்கு அந்தப் படம் வேண்டாம். விமானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் தொடரலாம்.

இந்தப் பரீட்சையைப் போனில் வைக்காதீர்கள். ‘ரோமா’வை முதலில் நான் ஓசூர் பஸ்ஸில் போன் திரையில் பார்க்க முயன்றேன். விமானமும் தெரியவில்லை, நான்கு பக்கமிருந்தும் வரும் தெருச் சத்தமும் கேட்கவில்லை. மிச்சமிருந்தது ஒரு கறுப்பு வெள்ளை வீடு மட்டும்.

இப்போது ‘கூழாங்கல்’. குடிகாரக் கணவனோடு இருக்க முடியாமல் மனைவி தாய்வீடு போய்விடுகிறாள். அவளை அழைத்துவர, பள்ளிக்கூடத்தில் இருக்கும் மகனை அப்பா இழுத்துக்கொண்டு போகிறார். திரும்பி வரும்போது வெயிலில் நடக்கிறார்கள். கதை இவ்வளவுதான். இருபதாவது நிமிடத்தில் நீங்கள் காத்திருந்தது ஒரு திருப்பத்துக்கு. அந்தப் படத்தில் திருப்பம் வராது, வெயில்தான் ஏறும்.

பையன் ஒரு கூழாங்கல்லை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும் இடம் வந்ததும் பெரியப்பா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். “வாயில கல்லு போட்டா எச்சி ஊறும்டா. மாடு மேய்க்கப் போனா நாங்களும் அதான் பண்ணுவோம்” என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. கடைசியில் பெண்கள் குழியில் ஊறும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு குடத்தில் ஊற்றுகிறார்கள், அது நீண்டுகொண்டே போகிறது. எங்களில் ஒருவர் “இன்னும் எவ்வளவு நேரம்?” என்றார். பெரியப்பா, “குடம் ரொம்பற வரைக்கும்” என்றார்.

அவருக்கு உலக சினிமா எல்லாம் தெரியாது. பள்ளியில் ஐந்தாவதோடு நிறுத்தியவர். அந்தத் தண்ணீர் ஊற எவ்வளவு நேரம் ஆகும் என்று அவர் கைக்குத் தெரியும். டீ குடிக்கப் போன இரண்டு பேரும் டவுனில் வளர்ந்தவர்கள், குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்த வீடு. அதே ஆட்களிடம் ஃபாக்டரி, யூனியன் என்று ஒரு மெதுவான படத்தைப் போட்டிருந்தால் அவர்கள் கண்கொட்டாமல் பார்த்திருப்பார்கள், பெரியப்பா தூங்கியிருப்பார் என்பது என் எண்ணம். படம் நிதானமாகக் காட்டும் வேலையோ இடமோ நம் உடம்புக்குப் பழகியதாக இருந்தால் மெதுவு தெரிவதில்லை.

ஆகவே அந்தப் படத்தை நீங்கள் அப்படியே விட்டுவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது. மறுபடி பார்க்கத் தோன்றினால் மொத்தமே ஒன்றேகால் மணி நேரம்தான், சோனி லிவ்வில் வந்தது. டிவியில் போடுங்கள். சாப்பிட்ட கையோடு வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்காருங்கள். முடிந்தால் வீட்டில் வெயிலில் நடந்து பழகிய பெரியவர் யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.