நேரம் முடிந்தது, லாகின் முடியவில்லை

கேள்வி: பிரவுசிங் சென்டரில் ஜிமெயில் பார்த்துக்கொண்டிருந்தபோது வாங்கிய நேரம் முடிந்து திரை பூட்டிக்கொண்டது. சைன் அவுட் செய்ய முடியவில்லை. மறுபடி காசு கட்ட மனமில்லாமல் வந்துவிட்டேன். ஆபத்தா?

பதில்: ஆபத்துதான். திரையைப் பூட்டுவது கடைக்காரரின் நேரக் கணக்கு மென்பொருள். அது உங்கள் மெயிலை மூடுவதில்லை, மேலே ஒரு திரையை இழுத்துவிடுகிறது, அவ்வளவுதான். அடுத்தவர் காசு கட்டியதும் திரை விலகும். பின்னால் உங்கள் இன்பாக்ஸ் அப்படியே இருக்கலாம். பிரவுசரை மூடியிருந்தாலும் நிம்மதி இல்லை. நீங்கள் உள்ளே வந்தவர் என்று சொல்லும் குக்கி அந்தக் கணினியிலேயே தங்கியிருக்கும்.

கடைக்குத் திரும்பி ஓட வேண்டாம். உங்கள் போனில் கூகுள் கணக்கைத் திறந்து, பாதுகாப்புப் பகுதியில் Your devices என்பதற்குக் கீழே Manage all devices என்பதைத் தொடுங்கள். சாதனங்களின் பட்டியல் வரும். நீங்கள் கடையில் இருந்த நேரத்தை ஒட்டி Windows என்று ஒன்று நிற்கும். அதைத் திறந்து Sign out கொடுங்கள். ஒரே கணினி இரண்டு மூன்று வரிகளாகவும் வரலாம், ஒன்றையும் விடாதீர்கள். வெளியேற்றிய பிறகும் சாதனத்தின் பெயர் கொஞ்ச நாள் பட்டியலில் இருக்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். வெளியேறிவிட்டது என்று பக்கத்தில் குறித்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இதில் கடைக்காரர்கள் மேல் எனக்குப் பழைய கோபம் ஒன்று உண்டு. குரோமில் Guest என்றொரு முறை இருக்கிறது. அதன் ஜன்னல்களை மூடினாலே குக்கி, ஹிஸ்டரி எல்லாம் போய்விடும். எல்லாக் கணினியிலும் அதை வைத்துவிட்டு, நேரம் முடிந்ததும் ஜன்னல்களை மூடும்படி அமைக்க எவ்வளவு நேரம் ஆகும்? மணிக்கணக்கில் காசு வாங்குகிறவர், முன்னால் உட்கார்ந்தவரின் மெயில் திறந்து கிடக்கும் கணினியை என்னிடம் தருகிறார். சாப்பிட்ட இலையை எடுக்காமல் அடுத்தவரை உட்காரவைக்கிற பந்தி இது. காசு கட்டும் முன்பே கேளுங்கள்: "நேரம் முடிஞ்சா பிரவுசர் தானா மூடுமா?" பதில் மழுப்பலாக வந்தால், கடைசி ஐந்து நிமிடத்தை சைன் அவுட்டுக்கு என்று ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி: வெளியே வரும்போது ஹிஸ்டரியை அழித்துவிடுகிறேன். அது போதாதா?

பதில்: போதாது. ஹிஸ்டரி என்பது நீங்கள் போன இடங்களின் பட்டியல். லாகின் இருப்பது குக்கியில். இதையெல்லாம் துடைத்துத் தருகிறேன் என்ற ஒரு மென்பொருளுக்கு ஓராண்டு சந்தா கட்டியவன் நான். பிரவுசரில் இலவசமாக இருக்கும் பட்டனைத்தான் அது எனக்காக அழுத்திக்கொண்டிருந்தது.

கேள்வி: இன்காக்னிட்டோவில் திறந்தால் பயமில்லை என்கிறார் நண்பர். சரியா?

பதில்: பாதி சரி. குரோமில் Ctrl+Shift+N அழுத்தித் திறந்து, முடிந்ததும் எல்லா இன்காக்னிட்டோ ஜன்னல்களையும் மூடினால் குக்கி போய்விடும். "எல்லா" என்பதுதான் முக்கியம். கீழே சுருக்கிவைத்த ஒரு ஜன்னலை மறந்தாலும் லாகின் அதில் உயிரோடு இருக்கும். டவுன்லோட் செய்த கோப்பும் போகாது, அதை நீங்கள்தான் அழிக்க வேண்டும், ரீசைக்கிள் பின்னிலிருந்தும். தட்டும் எழுத்துகளைப் பதிவுசெய்யும் கீலாகர் அந்தக் கணினியில் இருந்தால் இன்காக்னிட்டோ உதவாது.

கேள்வி: பிரிண்ட் எடுக்க வாட்ஸ்அப் வெப் திறந்தேன். மறுநாள் என் பெயரில் பணம் கேட்டு உறவினர்களுக்குச் செய்தி போயிருக்கிறது. சித்தி அனுப்பியும்விட்டார். போனை அணைத்து வைத்திருக்கிறேன்.

பதில்: வருத்தமாக இருக்கிறது. உங்கள் சித்தி ஏமாளி இல்லை, செய்தி உங்கள் எண்ணிலிருந்தேதான் வந்தது. ஆனால் போனை உடனே ஆன் செய்யுங்கள். இணைத்த கணினி இப்போதெல்லாம் போன் அணைந்திருந்தாலும் வேலை செய்யும். வாட்ஸ்அப்பில் Linked devices போய், அங்கே இருக்கும் ஒவ்வொன்றையும் தொட்டு Log out கொடுங்கள். அதற்கு முன் அந்தப் பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், கடைசியாக இயங்கிய நேரம் அதில் இருக்கும். அதையும் பணம் போன விவரத்தையும் வைத்து, சித்தியின் வங்கியிலும் காவல்துறையிலும் இன்றே புகார் கொடுங்கள். நாளை என்று தள்ளினால் பணம் கை மாறிவிடும்.

கேள்வி: கடை கணினியில் பாஸ்வேர்டை சேமிக்கவா என்று கேட்டது. அடுத்த முறை சுலபமாக இருக்குமே என்று சரி கொடுத்தேன். தவறா?

பதில்: அடுத்து வருபவருக்கும் சுலபம்தான். போனிலிருந்து பாஸ்வேர்டை இன்றே மாற்றுங்கள்.

கேள்வி: பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?

பதில்: ஜிமெயில் அமைப்புகளில் ஃபார்வர்டிங்கைப் பாருங்கள். உங்கள் மெயிலை இன்னொரு முகவரிக்குத் திருப்பிவிட்டிருந்தால், பாஸ்வேர்டை மாற்றினாலும் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஃபில்டர்களையும் பாருங்கள். போன் செயலியில் இது தெரியாது, நம்பிக்கையான ஒருவரின் கணினியில் திறந்து பாருங்கள். வேலை முடிந்ததும் அங்கேயும் சைன் அவுட்.