இன்டர்ன்ஷிப் கடைசி நாளில் டீமுக்கு என்ன எழுதுவது?

கேள்வி: சென்னையில் ஒரு ஐ.டி. கம்பெனியில் ஆறு மாத இன்டர்ன்ஷிப் இந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. டீமுக்கு மெயில் எழுத உட்கார்ந்தால் "எல்லாருக்கும் நன்றி" என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. என்ன எழுதலாம், எப்போது அனுப்பலாம்?

முதலில் நேரத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் கோட்டைவிட்டது அங்கேதான்.

பெருங்குடியில் ஒரு கம்பெனியின் டெஸ்டிங் டீமில் ஜனவரியில் சேர்ந்து ஜூனில் முடித்தேன். கடைசி நாள் மெயிலை மூன்று நாளாக எழுதித் திருத்தி டிராஃப்டில் வைத்திருந்தேன். எல்லாரும் கிளம்பும் நேரத்தில் அனுப்பினால்தான் பொருத்தமாக இருக்கும் என்று ஒரு நினைப்பு. நாலரை மணிக்கு ஐ.டி. டெஸ்கிலிருந்து ஃபோன் வந்தது: "லேப்டாப்பை இப்பவே கொண்டுவாங்க, அஞ்சு மணிக்கு மேல வாங்க ஆள் இருக்காது." சார்ஜர், ஹெட்செட் எல்லாவற்றையும் எண்ணி வாங்கிக்கொண்டு ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். கையெழுத்துப் போட்ட பிறகுதான் டிராஃப்ட் ஞாபகம் வந்தது. மொபைலில் திறந்து பார்த்தால் என் கணக்கை ஏற்கெனவே மூடியிருந்தார்கள்.

கீழே டீக்கடையில் நின்றுகொண்டு, ஞாபகத்தில் இருந்ததைத் தட்டி டீமின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். டிராஃப்டில் ஒரு பக்கத்துக்கு மேல் இருந்தது. கையில் வந்தது ஆறேழு வரிதான். "மறக்க முடியாத பயணம்", "இந்த வாய்ப்புக்கு என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறேன்" ஆகியவை எனக்கே ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வந்தது ஒரு டெஸ்ட்.

எங்கள் டெஸ்ட்கள் தினமும் இரவு 1 மணிக்குத் தானாக ஓடும். பணம் கட்டியதும் ரசீது இன்றைய தேதியில் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் மட்டும் இரவில் ஃபெயில் ஆகும். காலையில் வந்து நான் ஓட்டினால் பாஸ். மூன்று வாரம் மண்டை காய்ந்தது. கடைசியில் டீமில் ஓர் அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சர்வர் எந்த ஊர் மணியில ஓடுதுன்னு பாத்தியா?" என்றார். சர்வர் ஓடியது UTC நேரத்தில். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் போகிறது. இங்கே இரவு 1 மணி என்றால் அங்கே முந்தைய நாள் இரவு 7.30. டெஸ்ட் சர்வரிடம் தேதி கேட்டு நேற்றைய தேதியை வாங்கிக்கொண்டு, ரசீதில் இருந்த இன்றைய தேதியோடு ஒப்பிட்டு ஃபெயில் ஆகியிருக்கிறது. காலை 5.30 தாண்டிவிட்டால் இரண்டும் ஒரே தேதி, அதனால் பாஸ்.

இதைத்தான் டீக்கடையில் சுருக்கமாக எழுதி அந்த அக்காவுக்கு நன்றி சொன்னேன். பத்து நிமிடத்தில் அவரிடமிருந்து ஃபோன். அன்று வந்து உட்கார்ந்ததே அவருக்கு மறந்துபோயிருந்தது.

இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறேன். வருடத்துக்கு இரண்டு மூன்று இன்டர்ன்கள் எங்கள் டீமிலிருந்து கிளம்புகிறார்கள். அவர்கள் காட்டும் டிராஃப்டில் பெரும்பாலும் நான் தொலைத்த மெயிலேதான் இருக்கும். அந்தக் கடைசி நாளை இன்னொரு முறை கொடுத்தால் நான் அனுப்பும் மெயில் இது. ஆபீஸில் ஆங்கிலத்தில்தான் போகும், இங்கே தமிழில் தருகிறேன். பெயர்களை எடுத்துவிட்டேன்.

> எல்லாருக்கும் வணக்கம்,
>
> இன்றோடு என் ஆறு மாத இன்டர்ன்ஷிப் முடிகிறது.
>
> இரவு ரன்னில் ஃபெயில் ஆன ரசீது டெஸ்டை மூன்று வாரம் துரத்தினேன். சர்வர் நேரத்தைப் பார்க்கச் சொன்னது (அக்கா பெயர்). இப்போது தேதியில் எந்தச் சிக்கல் வந்தாலும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன். (லீட் பெயர்), என் முதல் பக் ரிப்போர்ட்டை நாலு முறை திருப்பி அனுப்பினீர்கள். அன்று கோபம் வந்தது. ஐந்தாவதை டெவலப்பர் ஒரு கேள்வியும் கேட்காமல் சரிசெய்தபோது போய்விட்டது.
>
> 140 டெஸ்ட்களில் 96 தானாக ஓடுகின்றன. மீதி 44 எந்த நிலையில் இருக்கின்றன என்பது புதன்கிழமை அனுப்பிய ஒப்படைப்பு மெயிலில் இருக்கிறது.
>
> நாலு மணி வரை என் இடத்தில்தான் இருப்பேன். அதன் பிறகு என் சொந்த மெயிலில் பிடிக்கலாம்: (முகவரி).

இதில் மூன்றாவது பத்தியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒப்படைப்பு விவரம் முழுவதையும் விடைபெறும் மெயிலிலேயே கொட்டுபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் இரண்டையும் யாரும் படிப்பதில்லை. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது, எது பாதியில் நிற்கிறது, ஏன் நிற்கிறது என்பதெல்லாம் இரண்டு நாள் முன்னாலேயே தனி மெயிலாகப் போகட்டும். அப்போதுதான் பொறுப்பெடுப்பவர் படித்துவிட்டு உங்களிடம் வந்து கேட்க நேரம் இருக்கும். கடைசி நாள் மெயிலில் அது எங்கே இருக்கிறது என்று காட்டினால் போதும்.

பெயர் சொல்வதில் ஒரு சங்கடம் வரும்: ஒன்பது பேர் டீமில் இரண்டு பேரை மட்டும் சொன்னால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்? ஒன்பது பேரையும் வரிசையாக எழுதினால் கல்யாணப் பத்திரிகை ஆகிவிடும். டீமே பார்த்த சம்பவம் என்றால் பொது மெயிலில் பெயரோடு சொல்லுங்கள். உங்களுக்கும் ஒருவருக்கும் மட்டும் தெரிந்தது என்றால் அவருக்குத் தனியாக இரண்டு வரி அனுப்புங்கள். நீங்கள் அழுதபோது கேன்டீனுக்குக் கூட்டிப்போனவருக்குப் பொது மெயிலில் நன்றி சொன்னால் அவர்தான் நெளிவார்.

"ரெஸ்பெக்டட் சார்/மேடம்" என்பது கல்லூரிப் பழக்கம். ஆறு மாதம் பெயர் சொல்லியோ அக்கா, அண்ணா என்றோ கூப்பிட்டுவிட்டு கடைசி நாளில் மட்டும் அப்படி எழுதினால் விடுப்புக் கடிதம் போல இருக்கும். "என்னை அறியாமல் தவறு செய்திருந்தால் மன்னிக்கவும்" என்ற வரியையும் நான் அடித்துவிடுவேன். யாரிடமாவது நிஜமாகவே மன்னிப்புக் கேட்க வேண்டுமென்றால் நேரில் போய்க் கேளுங்கள்.

முகவரி கொடுக்கும்போது கல்லூரி மெயிலைக் கொடுக்காதீர்கள். படிப்பு முடிந்ததும் பல கல்லூரிகளில் அதை மூடிவிடுவார்கள், பிறகு அங்கே அனுப்புவது உங்களுக்கு வராது. ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று அந்த மெயிலை உங்கள் ஜிமெயிலுக்கும் சிசி போடாதீர்கள். கடைசி நாளில் வெளி முகவரிக்குப் போகும் மெயில்களை சில கம்பெனிகள் தனியாகக் கவனிக்கும். என் நண்பன் ஒருவன் இதைச் செய்துவிட்டு, சான்றிதழ் வாங்கப் போன இடத்தில் அரை மணி நேரம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தான். அப்புறம், வேலை தருவதாக வாய்வார்த்தை வந்திருந்தாலும் ஆஃபர் லெட்டர் கைக்கு வரும்வரை "சீக்கிரம் திரும்பி வருகிறேன்" என்று எழுத வேண்டாம். லெட்டர் வராமல் போனால் அந்த வரி எல்லாருடைய இன்பாக்ஸிலும் அப்படியே இருக்கும்.

சரி, எப்போது அனுப்புவது? கணக்கை எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்று வியாழக்கிழமையே ஐ.டி. டெஸ்கில் கேட்டுக்கொள்ளுங்கள். எத்தனை மணி என்று சொன்னாலும் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், 12 மணி வாக்கில் அனுப்பிவிடுங்கள். படித்தவர்கள் பதில் போடவும் நீங்கள் அதைப் பார்க்கவும் நேரம் இருக்கும். ஸ்வீட் வாங்கி வருவதாக இருந்தால் அது எந்த மேஜையில் இருக்கிறது என்பதையும் கடைசி வரியாகச் சேர்த்துவிடுங்கள். பாதிப் பேர் அதைப் பார்த்துத்தான் எழுந்து வருவார்கள்.