சிட்னியில் கழிவு, லண்டனில் விலக்கு: ஒரே டிவிடெண்டுக்கு இரண்டும் கிடைக்குமா?

"சிட்னியில் ஒரு கம்பெனியின் கணக்கைப் பார்க்கிறேன். லண்டன் தாய் நிறுவனம் எங்களிடம் வைத்திருக்கும் முன்னுரிமைப் பங்குகளை 8 வருடத்தில் திருப்பி வாங்கியாக வேண்டும். வருட டிவிடெண்ட் 10 லட்சம் டாலரை இங்கே வட்டி மாதிரி செலவில் கழிக்கிறோம். லண்டன்காரர்கள் டிவிடெண்டுக்கு வரியில்லை என்கிறார்கள். 10% பிடித்தம் கட்டிவிட்டோம், அது போதாதா?"

போதாது. ஆனால் உங்கள் கழிவு போய்விடும் என்று இப்போதே பயப்படவும் வேண்டாம், ஏனென்றால் நீங்கள் சொல்வதில் தப்பு லண்டன் பக்கம்தான் இருக்கிறது.

ஆஸ்திரேலிய வரிச் சட்டம் பெயரைப் பார்ப்பதில்லை. 10 வருடத்துக்குள், போட்ட பணத்துக்குக் குறையாமல், கட்டாயம் திருப்பித் தர வேண்டும் என்றால் பங்கு என்று எழுதியிருந்தாலும் அது கடன்தான், அதனால் டிவிடெண்ட் கழிவாகிறது. பிரிட்டனில் அதே காகிதம் பங்கு, வெளிநாட்டு டிவிடெண்டுக்குப் பெரும்பாலும் விலக்கு. இரண்டும் சேர்ந்தால் இங்கே 30% வீதம் 3 லட்சம் மிச்சம், அங்கே வரி பூஜ்யம்.

இந்த ஓட்டையைப் பிரிட்டன் தன் விலக்கு விதிக்குள்ளேயே அடைத்து வைத்திருக்கிறது: தருகிற நாட்டில் கழிக்கப்பட்ட டிவிடெண்டுக்கு விலக்கு கிடையாது. லண்டன்காரர்கள் இதைப் படிக்காமல் விட்டிருக்கலாம், அல்லது நீங்கள் இங்கே கழிப்பதே அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். பல குழுமங்களில் இரண்டாவதுதான் நடக்கிறது.

சரியாகச் செய்தால் கணக்கு இப்படி வரும். லண்டனில் 25% வரி 2.5 லட்சம், அதில் இங்கே பிடித்த 1 லட்சத்துக்கு வரவு போக 1.5 லட்சம் கட்ட வேண்டும். குழுமத்துக்கு மொத்தத்தில் மிஞ்சுவது 50,000 டாலர். இது வெறும் வரி விகித வித்தியாசம், இதை யாரும் குற்றம் சொல்ல முடியாது.

2019 ஜனவரி 1 முதலோ அதற்குப் பிறகோ தொடங்கும் வருமான ஆண்டுகளுக்கு ஆஸ்திரேலியாவில் பிரிவு 832 இருக்கிறது. பெறுகிறவர் நாட்டில் அந்தத் தொகை வருமானத்தில் சேராவிட்டால் உங்கள் கழிவையே அது மறுக்கும். சின்னத் தொகை என்று விட்டுவிடாது. இங்கே பிடித்த 10% லண்டனில் வருமானமாகச் சேர்ந்ததற்குச் சமம் இல்லை. ஆனால் லண்டனில் வருமானமாகக் காட்டி, பழைய நஷ்டத்தால் கடைசியில் வரி வராமல் போனால் பரவாயில்லை, சேர்த்தார்களா என்பதுதான் கேள்வி.

அதனால் லண்டனுக்கு எழுதி, இதை வரிக்குரிய டிவிடெண்டாகக் காட்டிய அவர்களுடைய கணக்குத் தாளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். போன வருடங்களில் விலக்கு எடுத்திருந்தால் அவர்கள் அதைத் திருத்தியாக வேண்டும். அப்புறம் ஒன்று, பங்குகளை வேறு நாட்டிலுள்ள குழும நிறுவனத்துக்கு மாற்றப்போவதாகப் பேச்சு வந்தால் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள், அந்த நாட்டில் இப்படி ஒரு விதி இல்லாவிட்டால் வருடம் 3 லட்சம் உங்கள் தலையில் விழும்.