முட்டை பிரெட் டோஸ்ட்: பால் எவ்வளவு, எத்தனை நொடி ஊறணும்?

கேள்வி: 4 துண்டு பிரெட்டுக்கு 2 முட்டை, அரை டம்ளர் பால் ஊற்றி பாம்பே டோஸ்ட் செய்கிறேன். வெளியே பொன்னிறமாக வருகிறது, கடித்தால் நடுவில் கூழ் மாதிரி ஈரம். முட்டைக்கு எவ்வளவு பால் சேர்க்கணும்? எவ்வளவு நேரம் ஊறவைக்கணும்?

பதில்:

பாலைக் குறையுங்கள். கடையில் கிடைக்கும் சாதாரண சாண்ட்விச் பிரெட்டுக்கு ஒரு முட்டைக்கு 2 மேசைக்கரண்டி பால், அதாவது 30 மி.லி. போதும். 4 துண்டுக்கு 2 முட்டை, 4 மேசைக்கரண்டி பால். உங்கள் அரை டம்ளர் ஏறக்குறைய 100 மி.லி. இருக்கும். 2 முட்டையை உடைத்து ஊற்றினாலும் கிட்டத்தட்ட அதே அளவுதான் வரும். ஆக, நீங்கள் சரிக்குச் சரி பால் சேர்க்கிறீர்கள்.

அப்படிச் சேர்த்தால் ஏன் கூழாகிறது? பிரெட்டுக்குள் போன திரவத்தை இறுக வைப்பது முட்டை மட்டும்தான். பால் சூட்டில் முட்டை மாதிரி இறுகாது. பால் கூடக் கூட முட்டை நீர்த்துப்போய், இறுகுவதற்கு இன்னும் அதிகச் சூடு கேட்கும். அந்தச் சூடு நடுப்பகுதிக்குப் போய்ச் சேருவதற்குள் வெளிப்பக்கம் சிவந்துவிடும். நீங்களும் வெந்துவிட்டது என்று எடுத்துவிடுவீர்கள். நாட்டுக்கோழி முட்டை என்றால் சிறியது. 2க்குப் பதில் 3 போட்டுக்கொள்ளுங்கள், பால் அதே 4 கரண்டி. காய்ச்சின பாலை நன்றாக ஆறவிட்டே ஊற்ற வேண்டும், சூடாக ஊற்றினால் முட்டை அங்கேயே திரிந்துவிடும்.

அளவு சரியாக இருந்தும் சிலருக்கு நடு ஈரமாகவே வரும். பெரும்பாலும் முட்டையைச் சரியாக அடிக்காததுதான் காரணம். வெள்ளைக்கரு இழை இழையாக நின்றால் அது பிரெட்டின் துளைகளுக்குள் இறங்காது. பால் மட்டும் உள்ளே போகும், முட்டை மேலேயே தங்கிவிடும். டோஸ்ட்டின் ஓரத்தில் ஆம்லெட் மாதிரி வெள்ளைத் திட்டு தொங்கினால் இதுதான் நடந்திருக்கிறது. அதனால் முதலில் பால் ஊற்றாமல் முட்டையை மட்டும் உப்பு ஒரு சிட்டிகை போட்டு அடியுங்கள். கரண்டியைத் தூக்கினால் கொழகொழவென்று தொங்காமல் தண்ணியாக ஒழுக வேண்டும். அதன் பிறகு பாலும் 2 தேக்கரண்டி சர்க்கரையும் சேர்த்துக் கரையும் வரை கலக்குங்கள். சர்க்கரையை இதற்கு மேல் கூட்டினால் வெளிப்பக்கம் சீக்கிரம் கருகும், உள்ளே வேக நேரம் கிடைக்காது.

ஊறவைக்கக் குழிவான கிண்ணம் வேண்டாம், சாப்பாட்டுத் தட்டு போல அகலமானது எடுங்கள். அன்று வாங்கிய மெத்தென்ற பிரெட் என்றால் பக்கத்துக்கு 5 முதல் 8 நொடி. அதற்கு மேல் விட்டால் தூக்கும்போதே நடுவில் பிய்யும். முந்தைய நாள் பிரெட் என்றால் 15 நொடி வரை தாங்கும். புது பிரெட் மட்டும்தான் இருக்கிறதா? எண்ணெய் விடாத தோசைக்கல்லில் சிறு தீயில் பக்கத்துக்கு ஒரு நிமிடம் போட்டு எடுத்து ஆறவிடுங்கள். நிறம் மாறக்கூடாது, தொட்டால் மேல்பக்கம் சற்று சொரசொரப்பாக இருந்தால் போதும். என்னைக் கேட்டால், ஊறும் நொடியைக் கணக்குப் பார்ப்பதைவிட இந்த ஒரு வேலை அதிகப் பலன் தரும். பிரெட்டை ஃபிரிட்ஜில் வைத்தால் காயும் என்று நினைக்காதீர்கள். உறையோடு வைத்தால் கெட்டியாகும், ஈரம் உள்ளேயே இருக்கும்.

தட்டிலிருந்து தூக்கியதும் ஒரு மூலை கீழே பார்க்கும்படி பிடித்து, சொட்டுவது நின்ற பிறகு கல்லில் போடுங்கள். 4 துண்டுக்கு இந்தக் கலவை சரியாக இருக்கும். 2 துண்டிலேயே தட்டு காலியாகிவிட்டால் அதிகம் ஊறவைக்கிறீர்கள் என்று அர்த்தம்.

தீ மிதமானதற்கும் கொஞ்சம் கீழே. கல்லில் நெய்யோ வெண்ணெயோ போட்டால் மெல்ல நுரைக்க வேண்டும், புகையக்கூடாது. பக்கத்துக்கு இரண்டரை முதல் மூன்று நிமிடம் ஆகும். ஒரே நிமிடத்தில் சிவந்தால் தீ அதிகம். வெந்ததா என்று பார்க்க, தோசைத் திருப்பியின் நுனியால் சரியாக நடுவில் லேசாக அழுத்துங்கள். அமுங்கி மேலே எழும்பினால் வெந்துவிட்டது. அமுங்கியபடியே நின்றாலோ ஓரத்தில் மஞ்சள் நீர் கசிந்தாலோ தீயை இன்னும் குறைத்து, திருப்பித் திருப்பி ஒரு நிமிடம் விடுங்கள்.

பேக்கரியில் ஒரு அங்குலக் கனத்தில் வெட்டித் தரும் பிரெட்டுக்குக் கணக்கு வேறு. அதற்கு ஒரு முட்டைக்கு 3 மேசைக்கரண்டி பால் வரை போகலாம், பக்கத்துக்கு அரை நிமிடம் ஊறலாம், ஆனால் பிரெட் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் சிவந்த பிறகு சிறு தீயில் 2 நிமிடம் மூடி வையுங்கள், அந்த ஆவியில்தான் நடு வேகும். கடைசியில் மூடியை எடுத்துவிட்டு பக்கத்துக்கு அரை நிமிடம் விட்டால் மொறுமொறுப்பு திரும்பிவிடும். மெல்லிய பிரெட்டுக்கு மூடியே வேண்டாம்.

கைதவறி பால் அதிகமாக ஊற்றிவிட்டால் இன்னொரு முட்டையைத் தனியாக அடித்துச் சேருங்கள். மைதா போட்டுக் கெட்டியாக்கினால் பஜ்ஜி மாவு மாதிரி மேலே ஒட்டிக்கொள்ளும், உள்ளே இறங்காது.