கணக்கின் கேள்வி மாறாமல் ரஷ்யனில் எழுதுவது எப்படி?

"பள்ளிக் கணக்கு ஒன்றை ரஷ்யனில் மொழிபெயர்க்கிறேன். எண்ணோடு அலகின் வடிவம் மாறுகிறதாமே, கேள்வியும் மாறிவிடுமா?"

அலகு பிழையானால் வாக்கியம்தான் உறுத்தும். விடையே மாறுவது வேறொரு இடத்தில்.

"ஒரு கயிறு 21 மீட்டர். இன்னொன்று அதைப்போல் 3 மடங்கு நீளம். இரண்டும் சேர்ந்து எத்தனை மீட்டர்?" இதில் மடங்குக்கு "வ் 3 ராஸா" என்று வர வேண்டும். "ந 3 மெத்ரா" என்று எழுதினால் 3 மீட்டர் கூடுதல் என்றாகிவிடும். 84 வர வேண்டிய இடத்தில் 45 வரும். அதனால் மொழிபெயர்த்ததும் ரஷ்ய வாக்கியத்தை மட்டும் பார்த்துக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

அப்புறம் அலகு. 21 என்பது 1-இல் முடிவதால் ஒருமை: "21 மெத்ர்". 2, 3, 4-இல் முடிந்தால் "மெத்ரா", மற்றவற்றுக்கு "மெத்ரோவ்". 11 முதல் 14 வரை கடைசி இலக்கத்தைப் பார்க்கவே கூடாது, எப்போதும் "மெத்ரோவ்"தான். பலர் வழுக்குவது இங்கேதான். எண்ணை மாற்றிப் புதுக் கணக்கு எழுதும்போது அலகையும் கூடவே மாற்றுங்கள். தசம எண்ணுக்கு "மெத்ரா" வரும், புள்ளிக்குப் பதில் காற்புள்ளி: 2,5 மெத்ரா. கேள்வியில் "எத்தனை" என்று பொருள்படும் "ஸ்கோல்கா"வுக்குப் பின் "மெத்ரோவ்" என்றே எழுத வேண்டும்.