வீடு கட்டி முடியும் முன் கட்டிய வட்டி: ஐந்து பங்கு கணக்கை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: 2021 ஆகஸ்ட்டில் வங்கிக் கடன் வாங்கி, கட்டுமானத்தில் இருந்த ஃபிளாட்டை நானும் மனைவியும் வாங்கினோம். பத்திரத்தில் ஆளுக்குப் பாதி; கடனும் இருவர் பேரில்தான். 2024 அக்டோபர் கடைசியில் கட்டி முடித்துச் சாவி கொடுத்தார்கள், குடிபுகுந்துவிட்டோம். அதுவரை கட்டிய வட்டி: 2021-22ல் 60,000, 2022-23ல் 1,50,000, 2023-24ல் 2,40,000, 2024 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை 1,55,000. மொத்தம் 6,05,000 ரூபாய். இதை ஐந்தால் வகுத்து ஆண்டுக்கு 1,21,000 காட்டலாமா? இருவரும் சம்பளக்காரர்கள்.

பதில்: 6,05,000 அல்ல, 4,50,000 ரூபாயைத்தான் ஐந்தால் வகுக்க வேண்டும். சாவி வாங்கிய தேதியோடு கணக்கை முடிப்பதுதான் இதில் அதிகம் நடக்கும் தவறு. 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 24(பி) பிரிவு பார்ப்பது, வீடு முடிந்த நிதியாண்டுக்கு முந்தைய மார்ச் 31-ஐ. உங்கள் வீடு முடிந்தது 2024-25ல். ஆகவே கடன் வாங்கிய நாளிலிருந்து 2024 மார்ச் 31 வரையிலான வட்டி மட்டுமே 'கட்டுமானத்துக்கு முந்தைய வட்டி'. அதை ஐந்து சம பங்காகப் பிரித்து, வீடு முடிந்த ஆண்டு தொடங்கி ஆண்டுக்கு ஒரு பங்காக வரிக்குரிய வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். ஐந்தில் ஒரு பங்கு 90,000 ரூபாய். முதல் பங்கு 2024-25லும், கடைசிப் பங்கு 2028-29லும் வரும்.

அப்படியானால் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை கட்டிய 1,55,000 போய்விட்டதா? இல்லை. வீடு முடிந்த ஆண்டின் வட்டி முழுவதும் அந்த ஆண்டிலேயே கழிவுக்கு வரும், சாவி எந்த மாதம் கைக்கு வந்திருந்தாலும் சரி. நவம்பர் முதல் மார்ச் வரை ஒரு 1,15,000 கட்டியிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆண்டு வட்டி 2,70,000. அதோடு 90,000 சேர்த்தால் 3,60,000 ரூபாய்.

இனிதான் பலருக்கு ஏமாற்றம் வரும் இடம். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு வட்டிக் கழிவின் உச்சவரம்பு ஆண்டுக்கு 2 லட்சம். ஐந்தில் ஒரு பங்கு இந்த 2 லட்சத்துக்கு உள்ளேதான் அடங்கும், தனியாக மேலே சேராது. ஒருவர் பேரில் மட்டும் வீடும் கடனும் இருந்திருந்தால் 3,60,000-ல் 1,60,000 வீணாகியிருக்கும். அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லவும் வழியில்லை. அந்த ஆண்டு வட்டியே 2 லட்சத்தைத் தாண்டிவிட்டவருக்கு ஐந்து பங்கு விதியால் காலணா பயன் கிடையாது.

உங்கள் நிலைமை வேறு. பத்திரத்தில் பங்கு, கடனில் பெயர், தவணையில் பணம் மூன்றும் இருவருக்கும் இருந்தால், 2 லட்சம் வரம்பு ஆளுக்குத் தனித்தனி. 3,60,000-ஐப் பாதியாகப் பிரித்தால் தலைக்கு 1,80,000. ஒரு ரூபாயும் வீணாகாது. தவணை முழுவதும் உங்கள் கணக்கிலிருந்து மட்டும் போகிறது என்றால், மனைவியின் பங்கை அவர் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு மாற்றி வரச் சொல்லுங்கள். கேள்வி வந்தால் காட்ட அந்தப் பதிவு வேண்டும்.

இவ்வளவும் பழைய வரிமுறையில் இருந்தால்தான். புதிய வரிமுறையில், குடியிருக்கும் வீட்டின் வட்டிக்குக் கழிவே இல்லை, ஐந்தில் ஒரு பங்குக்கும் இல்லை. நீங்கள் ஒன்றும் மனைவி வேறொன்றும் தேர்ந்தெடுக்கலாம், ஆண்டுக்கு ஆண்டு மாறவும் செய்யலாம். ஆனால் பழைய முறை வேண்டுமென்றால் கெடு தேதிக்குள் ரிட்டர்ன் தாக்கல் செய்தாக வேண்டும். தாமதமானால் புதிய முறைதான்.

நடுவில் வேலை மாறி வீட்டை வாடகைக்கு விட்டால், அந்த ஆண்டுகளில் வட்டிக்கு 2 லட்சம் வரம்பு இல்லை. அந்த ஆண்டின் பங்கு முழுதாக வாடகையில் கழியும். அதற்கு மேல் நட்டம் வந்தால், பழைய முறையில் ஆண்டுக்கு 2 லட்சம் வரைதான் சம்பளத்தில் ஈடுகட்டலாம். மீதியை அடுத்த எட்டு ஆண்டுகளின் வீட்டு வருமானத்துக்கு எதிராக வைத்துக்கொள்ளலாம். புதிய முறையில் சம்பளத்தோடு ஈடுகட்ட முடியாது.

கட்டுமானம் இழுத்துக்கொண்டே போகிறவர்களுக்கும் ஒன்று. கடன் வாங்கிய நிதியாண்டு முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குள் வீடு முடியாவிட்டால், குடியிருக்கும் வீட்டுக்கான வரம்பு 2 லட்சத்திலிருந்து 30,000 ரூபாய்க்கு இறங்கிவிடும். உங்கள் கடனுக்கு அந்தக் கெடு 2027 மார்ச் 31. நீங்கள் தப்பித்துவிட்டீர்கள்.

வங்கியில் நிதியாண்டு வாரியாக, 2021-22 தொடங்கி ஒவ்வொன்றுக்கும் வட்டிச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். அதில் அசலும் வட்டியும் தனித்தனிக் கட்டத்தில் இருக்கும். வட்டிக் கட்டத்தை மட்டும் கூட்டுங்கள். வீடு முடியும் முன் அசல் ஏதும் கட்டியிருந்தால் அது இந்த ஐந்து பங்கில் சேராது. சான்றிதழ்களையும் பணி நிறைவுச் சான்றையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். 2028-29 கணக்குக்கும் 2021-ன் தாள்தான் ஆதாரம். கடன் வேறு வங்கிக்கு மாறிவிட்டால் பழைய வங்கியில் அதை வாங்குவது பெரும் அலைச்சல்.