மூன்று முறை காயில் எரிந்த மோட்டாரும் எலக்ட்ரீஷியன் வருமானமும்

கேள்வி: "மகன் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிக்கிறேன் என்கிறான். நாங்கள் பொள்ளாச்சிப் பக்கம். இந்த வேலையில் ஐம்பது வயதுக்கு மேலும் நல்ல வருமானமும் மரியாதையும் இருக்குமா? சொந்தக்காரர்கள் எல்லோரும் டிகிரியில் சேர்க்கச் சொல்கிறார்கள்."

ஒயர் இழுத்துக்கொண்டே இருந்தால் இருக்காது. பழுது எங்கே என்று கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டால் இருக்கும். இரண்டையும் செய்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். கிணத்துக்கடவில் இருக்கிறேன், இந்தத் தொழிலில் 26 ஆண்டுகள் ஆகின்றன. முதல் ஏழு ஆண்டுகள் கோயம்புத்தூரில் வீடுகளுக்கு ஒயரிங். அதன்பிறகு தோட்டத்து மோட்டார்கள்.

வீட்டு ஒயரிங்கில் பாயிண்ட் கணக்கில் கூலி. சுவரைக் கொத்தி, பைப் பதித்து, ஒயர் இழுத்து, சுவிட்சு மாட்டினால் ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்வோம். இருபது வயதுப் பையனுக்கும் நாற்பது வயதுக்காரருக்கும் ஏறத்தாழ ஒரே கூலிதான். பையன் வேகமாக முடிப்பான், அதனால் அவனுக்கே அதிகம் கிடைக்கும். முழங்கால் வலி எனக்கு முப்பது வயதிலேயே தொடங்கியது. உங்கள் சொந்தக்காரர்கள் மனதில் வைத்திருப்பது இந்த வேலையைத்தான், அந்த அளவில் அவர்கள் சொல்வது தவறில்லை.

பழுது கண்டுபிடிக்கும் பக்கத்துக்கு உதாரணமாக ஒரு வேலையைச் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு சித்திரை மாதம். பொள்ளாச்சி போகும் வழியில் உள்ளே தள்ளி ஒரு தென்னந்தோப்பு. ஆழ்துளைக் கிணற்றில் 7.5 குதிரைத்திறன் நீர்மூழ்கி மோட்டார். மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுற்றான காயில், பதினான்கு மாதத்தில் மூன்று முறை எரிந்திருந்தது. ஒவ்வொரு முறையும் வண்டியை வரவழைத்து, பைப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி மேலே எடுத்து, காயில் கட்டக் கொடுத்து, திரும்ப இறக்கி முடிக்க ஏறக்குறைய 18,000 ரூபாய். நான்கைந்து நாள் மரங்களுக்குத் தண்ணீரும் கிடையாது. முதலில் காயில் கட்டியவர் போட்ட ஒயர் சரியில்லை என்று கடையை மாற்றினார்கள். பிறகு கரண்டு ஏறி இறங்குகிறது என்றார்கள். மூன்றாவது முறை கிணற்றில் தண்ணீர் குறைந்துவிட்டது என்றார்கள். எரிந்த மோட்டாரைச் சரிசெய்ய எல்லோரும் வந்தார்கள், எரிந்த காரணத்தைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. மூன்றாவது முறை இறக்கி ஓடிக்கொண்டிருந்தபோது தோட்டத்துக்காரர் என்னை அழைத்தார். "இது எரிவதற்கு முன்னால் ஒரு முறை வந்து பாருங்கள் தம்பி" என்றார். அவர் செய்த நல்ல காரியம் அதுதான். ஓடுகிற மோட்டாரில்தான் காரணம் தெரியும், எரிந்த மோட்டாரில் கரி மட்டும்தான் இருக்கும்.

முதலில் மெயினை அணைத்து, கரண்டு கசிவைக் காட்டும் மெக்கர் கருவியை வைத்துப் பார்த்தேன். காயிலுக்கும் எர்த்துக்கும் நடுவே கசிவு இல்லை, கேபிள் ஜாயின்டும் நன்றாக இருக்கிறது. அடுத்து மோட்டாரை ஓடவிட்டு, டாங் டெஸ்டரால் மூன்று லைனிலும் கரண்டை அளந்தேன். சிவப்பில் 14 ஆம்பியர், மஞ்சளில் 13, நீலத்தில் 12. மோட்டாரின் பெயர்ப்பலகையில் 13.5 என்று இருந்தது. வோல்டேஜ் ஒரு ஜோடி லைனுக்கு நடுவே 400, மற்ற இரண்டு ஜோடியிலும் 392. முன்பு வந்தவர்களும் இதை அளந்திருப்பார்கள். "எட்டு வோல்ட்தானே வித்தியாசம், பரவாயில்லை" என்று போயிருப்பார்கள்.

பரவாயில்லை என்று விட முடியாது. மூன்று லைன் கரண்டின் சராசரி 13. அதிலிருந்து அதிகம் விலகியிருக்கும் லைன் 1 ஆம்பியர் விலகியிருக்கிறது. 1-ஐ 13-ஆல் வகுத்தால் 7.7 சதவீதம். நீர்மூழ்கி மோட்டாரில் இது 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. வோல்டேஜில் இதே கணக்குப்படி வித்தியாசம் 1.35 சதவீதம்தான், அது கரண்டில் ஏறத்தாழ ஆறு மடங்காகத் தெரிகிறது. மூன்று பேஸும் சமமாக இல்லாதபோது மோட்டாருக்குள் எதிர்த்திசையில் சுழலப் பார்க்கும் ஒரு சிறு காந்தப்புலமும் உண்டாகிறது. அது மோட்டாரை ஓட்டாது, சூடாக்க மட்டும் செய்யும். தண்ணீருக்குள் இருக்கும் மோட்டாரின் காயில் ஒயர் பிளாஸ்டிக் உறை போட்டது, சூடு தாங்கும் அளவு குறைவு.

இனி, குற்றம் மோட்டாரிலா, வருகிற கரண்டிலா என்று தெரிய வேண்டும். இதற்கு மோட்டாரை மேலே எடுக்க வேண்டியதில்லை. மெயினை அணைத்து, கரண்டு இல்லை என்று டெஸ்டர் வைத்து உறுதி செய்துகொண்டு, ஸ்டார்ட்டரில் இருந்து மோட்டாருக்குப் போகும் மூன்று ஒயர்களையும் கழற்றி, ஒவ்வொன்றையும் அடுத்த இடத்துக்கு நகர்த்தி மாட்ட வேண்டும். மூன்றையும் ஒரே பக்கமாக நகர்த்தினால் மோட்டார் சுழலும் திசை மாறாது. இரண்டை மட்டும் மாற்றினால் தலைகீழாகச் சுழலும், புதிதாக வருபவர்கள் செய்யும் தவறு இது. நகர்த்திய பிறகு மறுபடி ஓடவிட்டு அளக்க வேண்டும். அதிக கரண்டு மோட்டார் ஒயரோடு சேர்ந்து இடம் மாறினால் குற்றம் மோட்டாரிலோ கேபிளிலோ. ஒயரை மாற்றியும் அதே லைனில் நின்றால் குற்றம் மேலே, கரண்டு வரும் பக்கத்தில்.

மூன்று விதமாகவும் மாற்றி மாட்டிப் பார்த்தேன். மூன்று முறையும் சிவப்பு லைனில்தான் 14, நீலத்தில்தான் 12. மோட்டார்மேல் குற்றமில்லை. காயில் கட்டிய மூன்று கடைக்காரர்கள்மீதும் இல்லை.

மீட்டருக்கு அடுத்துள்ள மெயின் பெட்டியில், மோட்டார் ஓடும்போதே ஒவ்வொரு ஃபியூஸ் கட்டையின் இரண்டு முனைக்கும் நடுவே வோல்டேஜ் பார்த்தேன். (இது கரண்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்வது. கையுறை போட்டு, ரப்பர் பாயில் நின்று செய்ய வேண்டிய வேலை, பார்த்துப் பழகாமல் யாரும் முயல வேண்டாம்.) நல்ல கட்டையில் ஒன்றும் தெரியாத அளவுக்குத்தான் இருக்க வேண்டும். சிவப்பிலும் மஞ்சளிலும் அப்படியே இருந்தது. நீலத்தில் 9 வோல்ட். 9 வோல்ட்டை 12 ஆம்பியரால் பெருக்கினால் 100 வாட்டுக்கு மேல். ஒரு பழைய குண்டு பல்பு எரியும் சூடு அந்தக் கட்டைக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது. அணைத்துவிட்டுக் கழற்றினால் பீங்கான் கருகியிருந்தது, பித்தளைத் திருகுக்கு அடியில் அலுமினிய ஒயர் தளர்ந்து கிடந்தது. அலுமினியம் சூட்டில் விரியும், ஆறும்போது சுருங்கும், தினமும் இப்படி நடந்து திருகின் பிடி விட்டுப்போகும்.

ஆனால் 7.7 சதவீதம் மட்டும் மோட்டாரை மூன்று முறை எரிக்காது. ஸ்டார்ட்டரைத் திறந்து, கரண்டு அளவு மீறினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயைப் பார்த்ததும் மிச்சம் விளங்கியது. முள் 22 ஆம்பியரில் நின்றது. 13.5-இல் இருக்க வேண்டியது. அந்த ரிலேயே 14-க்குக் கீழே வராத பெரிய அளவு. "அடிக்கடி நின்றுபோகிறது என்று சொன்னோம், போன மெக்கானிக் வேறொன்று மாட்டி ஏற்றி வைத்தார்" என்றார் தோட்டத்துக்காரர். நின்றுபோனதே ரிலே கொடுத்த எச்சரிக்கைதான். தளர்ந்த கட்டை சில நேரம் முழுதாக விட்டுப்போகும், அப்போது மோட்டார் இரண்டு பேஸில் ஓடும், அந்த இரண்டு லைனிலும் கரண்டு ஏறத்தாழ 1.7 மடங்காகி 22 ஆம்பியரைத் தொடும். பழைய ரிலே நிறுத்தியிருக்கும். இது நிறுத்தாமல் பார்த்துக்கொண்டிருந்தது, காயில் எரிந்தது.

ஃபியூஸ் கட்டையை மாற்றி, ஒயர் முனைகளுக்கு லக் போட்டு அழுத்தி, சரியான அளவு ரிலேயை மாட்டி 13.5-இல் வைத்தேன். மூன்று லைனும் 13-ஐ ஒட்டி வந்தன. பொருளுக்கான செலவு தனி. என் கூலி 2,500 ரூபாய், மூன்று மணி நேர வேலை. "மோட்டாரை மேலே எடுக்காமலே இவ்வளவா?" என்று கேட்டார். மேலே எடுத்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று அவர் மனைவிதான் திண்ணையில் இருந்தபடி கணக்குச் சொன்னார். அதற்குப் பிறகு அந்த மோட்டார் இன்றுவரை மேலே வரவில்லை.

எல்லா இடத்திலும் இப்படி முடியாது. அதிக கரண்டு மோட்டார் ஒயரோடு நகர்ந்திருந்தால் எடுத்தே ஆகவேண்டும், என் கூலியும் சேர்ந்து அவருக்குச் செலவுதான். அதை முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் வேலையில் கை வைப்பேன்.

உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன். எலக்ட்ரீஷியன் பிரிவு இரண்டு ஆண்டு. முடித்ததும் நேராக ஒயரிங்குக்கு அனுப்பிவிடாதீர்கள். மோட்டார் பம்பு செய்யும் தொழிற்சாலைகள் இத்தனை இருக்கும் கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். ஒரு தொழிற்சாலையில் அப்ரண்டிஸ் பயிற்சி கிடைத்தால் விடவேண்டாம். அதன்பிறகு ஒரு வருடமாவது காயில் கட்டும் கடையில் உட்காரட்டும். எரிந்த காயிலைப் பிரித்துப் பார்த்தால் ஒரு பேஸ் மட்டும் எரிந்ததா, மூன்றும் கருகியதா என்பதிலேயே காரணத்தில் பாதி தெரிந்துவிடும். நான் அப்படித்தான் கற்றேன், அந்த வருடம் கையில் கிடைத்தது பஸ் செலவுக்குச் சரியாக இருந்தது. அனுபவக் காலம் முடிந்ததும் அரசின் ஒயர்மேன் தகுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். படிப்பில் ஆசை மிச்சமிருந்தால் ஐ.டி.ஐ. முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இதைச் சொன்னால் சொந்தக்காரர்களும் கொஞ்சம் அடங்குவார்கள்.

வருமானம் சீராக வராது. மாசியில் இருந்து வைகாசி வரை மூச்சுவிட நேரமிருக்காது, நல்ல மாதத்தில் எனக்கு 70,000 ரூபாய்க்கு மேல் நிற்கும். ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்தால் 30,000 தேறுவதே கஷ்டம். பாதிப் பேர் "அடுத்த வெட்டில் தருகிறேன்" என்பார்கள், தென்னையில் அடுத்த வெட்டு என்றால் ஒன்றரை மாதம். அதற்குத் தாங்கும் கையிருப்பு இல்லாதவர்கள்தான் முதல் ஐந்து ஆண்டுகளில் தொழிலை விட்டுவிட்டு மில் வேலைக்குப் போகிறார்கள். என்னோடு படித்தவர்களில் இருவர் அப்படிப் போனார்கள், இருவருமே என்னைவிடக் கைவேலை தெரிந்தவர்கள்.

மரியாதையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்தத் தோட்டத்துக்காரர் இப்போது புது போர்வெல் போடுவதற்கு முன்னால் எத்தனை குதிரைத்திறன், எந்தக் கேபிள் என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் பணம் எடுக்கிறார். தம்பி என்றவர் "மேஸ்திரி, வாங்க" என்கிறார். அந்த 2,500-இல் 500 ரூபாய் மட்டும் இன்னும் வெட்டுக்காகக் காத்திருக்கிறது.